பச்சைக் கண் சொன்ன சேதி: ஒரு வானொலிச் சிறுகதையின் நிகழ்வு ஆய்வு

1983 ஜூன் 25 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை, ஒரு பாட்டியும் அவருடைய பேரனும் பழைய வால்வு ரேடியோவில் கேட்கிறார்கள். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிறுகதையில் நடப்பது இவ்வளவுதான். வேறு பாத்திரம் இல்லை, வீட்டைவிட்டு யாரும் வெளியே போவதில்லை, ஆட்டத்தை யாரும் கண்ணால் பார்ப்பதும் இல்லை. செப்பனிடுவதற்காக என்னிடம் வந்தபோது கதை நல்ல மொழியில் இருந்தது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் மொத்தமாகச் சரிந்துகொண்டிருந்தது. அந்த இடம் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் மூன்றாவது விக்கெட், அதாவது விவியன் ரிச்சர்ட்ஸ் அடித்த பந்தைக் கபில் தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்த கணம். அந்த ஒரு காட்சி எதனால் சரிந்தது, எப்படி நிமிர்ந்தது என்பதை மட்டும் இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

முதல் வடிவத்தில் காட்சி இப்படி இருந்தது:

“மதன் லால் ஓடி வந்து பந்தை வீசினார். ரிச்சர்ட்ஸ் மட்டையைச் சுழற்றினார். பந்து வானத்தை நோக்கிப் பறந்தது. அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் பாட்டி தாத்தாவை நினைத்துக்கொண்டாள். தாத்தா வாங்கிய ரேடியோ அது. ஐந்து நிமிடம் கழித்து விளக்கு எரிந்தது. ரேடியோவும் பேசியது. ‘அவுட்!’ என்று கத்தினான் பேரன். பாட்டியின் கண்களில் நீர் திரண்டது.”

மேலோட்டமாகப் படித்தால் குறை தெரியாது. ஆனால் இந்தப் பத்தியில் ஆசிரியரின் கை மூன்று இடங்களில் வெளியே தெரிகிறது. பந்து மேலே இருக்கும்போது மின்சாரம் போவது ஆட்டத்துக்கோ பெட்டிக்கோ சம்பந்தமில்லாத ஒரு தற்செயல். அதற்கு முன் கதையில் மின்வெட்டு என்ற பேச்சே இல்லை. அடுத்தது, விளக்கு எரிந்த அதே நொடியில் ரேடியோ பேசுகிறது. வால்வு ரேடியோ அப்படிப் பேசாது. உள்ளே இருக்கும் வால்வுகளின் இழை சூடேறிய பிறகுதான் ஒலி மெல்ல மேலெழும். அதற்கு அரை நிமிடம் போலப் பிடிக்கும். சொடுக்கியதும் பேசுவது டிரான்சிஸ்டர். மூன்றாவது, அந்த ஐந்து நிமிடம். ஆறு பந்து கொண்ட ஓர் ஓவருக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிட மௌனத்துக்குப் பிறகு வர்ணனையாளர் அடுத்த ஆட்டக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பேரன் ‘அவுட்!’ என்று கத்துவதற்குத் தேவையான சேதி அதற்குள் பழையதாகிவிட்டிருக்கும்.

இவை எல்லாம் தகவல் பிழைகள், திருத்திவிடலாம். உண்மையான கோளாறு வேறு. 1983 இறுதி ஆட்டத்தின் முடிவு வாசகருக்குத் தெரியும். இந்தியா 183 ரன்னுக்கு ஆட்டமிழந்தது, மேற்கிந்தியத் தீவுகள் 140க்குச் சுருண்டது, 43 ரன்னில் வெற்றி. ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழப்பாரா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தே படிக்கிறவரிடம் அந்தக் கேள்வியை வைத்தே பதற்றத்தை உண்டாக்க முயன்றால், எவ்வளவு வேகமான வாக்கியம் எழுதினாலும் அது பிடிக்காது. வாசகருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த அறைக்குள் நடக்க வேண்டும். முதல் வடிவத்தில் அறைக்குள் எதுவுமே நடக்கவில்லை. பாட்டி நினைத்துக்கொள்கிறாள், பேரன் கத்துகிறான், அவ்வளவுதான்.

எழுதியவரோடு பேசியபோது முதலில் எடுத்துக்கொண்டது ரேடியோவைத்தான். கதையில் அது ஒரு பழம்பொருளாக மட்டும் இருந்தது. இரண்டு வரிக்கு ஒருமுறை ‘கரகர’ என்றது. சிற்றலையில் தொலைதூர ஒலிபரப்பைக் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது தெரியும். சிற்றலை, பூமிக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரே அலை வெவ்வேறு வழிகளில் சற்று முன்பின்னாக வந்து சேரும்போது சில சமயம் ஒன்றையொன்று கூட்டும், சில சமயம் ஒன்றையொன்று அழிக்கும். அழிக்கும்போது குரல் முதலில் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் உள்வாங்கி, சொல் உருக்குலைந்து, பிறகு அமிழ்ந்துபோகும். சில நொடியிலோ அரை நிமிடத்திலோ தானாகவே மேலே வரும். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையிலான நேரமும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் அமிழ்வு ஒரு பந்தை விழுங்கப் போதுமானது, ஓர் ஓவரை விழுங்கப் போதாது. மின்வெட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அமிழ்வை வைத்தால், மௌனத்துக்குக் காரணம் கதைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அது ஏற்கெனவே இரண்டு முறை வந்துபோனதாக முன்பகுதியில் காட்டிவிட்டால், மூன்றாவது முறை வரும்போது யாரும் ஆசிரியரைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

அமிழ்வில் இன்னொரு நுட்பம் உண்டு. காட்சியின் திறவுகோலே அதுதான். அலை வலுக்குறையும்போது அந்த நாள் பெட்டிகள் ஒலியை ஈடுகட்டத் தாமாகவே தம் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். குரல் இல்லாதபோது அவை பெருக்குவது வெறும் இரைச்சலை. ஆகவே வர்ணனையாளரின் குரல் காணாமல் போகும் அதே நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ‘ஹோ’ என்று ஓர் ஓசை பொங்கி எழும். பந்து வானத்தில் இருக்கும்போது அந்த ஓசை எழுந்தால், கேட்பவர் அதைக் கூட்டத்தின் ஆரவாரம் என்றே எடுத்துக்கொள்வார். லார்ட்ஸில் அன்று மேற்கிந்தியத் தீவுகளின் ஆதரவாளர்கள் ஏராளமாக இருந்தார்கள். ஆரவாரம் என்றால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்றுதானே பேரனுக்குத் தோன்றும்?

அது கூட்டமா பெட்டியா என்று பிரித்தறிய அந்த அறையில் ஒரு வழி இருக்கிறது. 1950களிலும் 60களிலும் வந்த பல வால்வு ரேடியோக்களின் முகப்பில் பச்சையாக ஒளிரும் சிறிய கண் ஒன்று இருக்கும். நிலையத்தைச் சரியாகப் பிடிக்க உதவும் கருவி அது. அலை வலுவாக வந்தால் பச்சை ஒளிக்கு நடுவே இருக்கும் விசிறி வடிவ நிழல் ஒடுங்கி மூடிக்கொள்ளும். அலை வலுவிழந்தால் நிழல் விரியும். ஆரவாரம் உண்மையிலேயே மைதானத்திலிருந்து வந்தால் கண் மூடியே இருக்கும். நிழல் விரிந்திருக்கும்போது ஓசை எழுந்தால் அது பெட்டியின் சொந்த இரைச்சல். காதால் கேட்கிறவன் ஏமாறுவான், கண்ணால் பார்க்கிறவள் ஏமாற மாட்டாள். ஆட்டமே காதுக்கு மட்டும் எட்டும் கதையில் ஒரு முக்கியமான சேதி கண் வழியாக வருவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாட்டியின் பாத்திரம் இதனால் மாறியாக வேண்டியிருந்தது. முதல் வடிவத்தில் அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. பேரன் விளக்கிச் சொல்ல அவள் வியக்கிறாள். வாசகருக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்க எழுத்தாளர்கள் வழக்கமாகக் கையாளும் வழி அது, கொஞ்சம் அலுத்துப்போன வழியும்கூட. புதிய வடிவத்தில் அவள் பல வருடங்களாக ரேடியோவைக் கேட்டு ஸ்கோர் எழுதி வருகிறவள். ஆங்கில வர்ணனை முழுதும் புரியாது. ஆனால் எண்களும் ஆட்டக்காரர்களின் பெயர்களும் ‘வைட்’, ‘எல்பிடபிள்யூ’ போன்ற சொற்களும் அவளுக்கு அத்துப்படி. கோடு போட்ட நோட்டில் ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, ரன்னுக்கு எண், விக்கெட்டுக்குப் பெருக்கல் குறி என்று குறித்துக்கொள்கிறாள். நோட்டின் முதல் பாதி வேறொருவரின் கையெழுத்தில் இருக்கிறது. அது யாருடையது என்று கதை சொல்வதில்லை. தாத்தாவைப் பற்றிய நீண்ட பத்திக்குப் பதிலாக அந்த ஒரு வாக்கியம் போதும் என்று நான் சொன்னதற்கு எழுதியவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மறுவடிவத்தை ஒருமுறை உரக்கப் படித்த பிறகே அந்தப் பத்தியை எடுத்தார்.

பேரனுக்கு ஒரு குற்ற உணர்வு தேவைப்பட்டது. அதற்கு இந்தியாவின் ஆட்டமே இடம் கொடுத்தது. அன்று இரண்டு அணிகளிலும் சேர்த்து மிக அதிகமாக ரன் எடுத்தவர் ஸ்ரீகாந்த். அவர் எடுத்தது 38. அணி 59 ரன் எடுத்திருந்தபோது மார்ஷலின் பந்தில் எல்பிடபிள்யூ ஆனார். புதிய வடிவத்தில் அதற்குச் சற்று முன்னால் முதல் அமிழ்வு வருகிறது. பேரன் பதறிப்போய்க் குமிழைத் திருகுகிறான். அமிழ்வில் செய்யக்கூடாத காரியம் அதுதான். நிலையம் எங்கேயும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. முள்ளை நகர்த்தினால்தான் அது தொலையும். சிற்றலையில் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், மயிரிழை நகர்ந்தாலும் வேறொரு நாட்டின் பேச்சோ பாட்டோ குறுக்கே வந்துவிடும். அவன் தேடிப் பிடிப்பதற்குள் ஸ்ரீகாந்த் ஆட்டமிழந்து, வேறொருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். பாட்டி அவனைத் திட்டவில்லை. எழுதாமல் விட்டுப்போன கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறாள். இரண்டாவது அமிழ்வில் அவன் கை குமிழ் வரை போய்த் திரும்புகிறது.

இவ்வளவும் அமைந்த பிறகு மூன்றாவது விக்கெட் காட்சி இப்படி எழுதப்பட்டது:

“ரிச்சர்ட்ஸ் பெயரைச் சொன்ன குரல் சட்டென்று உயர்ந்தது. உயர்ந்த வேகத்திலேயே கிணற்றுக்குள் இறங்குவதுபோல் தேய்ந்தது. கடைசியாகக் கேட்டது கபிலின் பெயர், அதுவும் பாதி. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ‘ஹோ’ என்று பொங்கியது.

‘போச்சு பாட்டி, ஃபோர்!’

அவன் கை குமிழுக்குப் போனது.

‘தொடாதே.’

‘கூட்டம் கத்துது பாட்டி, உனக்குக் கேக்கலையா?’

‘கண்ணைப் பாருடா. விரிஞ்சு கிடக்கு. கத்துறது கூட்டமில்ல, பெட்டி.’

பச்சைக்கு நடுவில் நிழல் அகலமாகத் திறந்திருந்தது. அவன் விரல் குமிழின் விளிம்பில் இருந்தது. எடுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. பாட்டி பென்சிலைக் கட்டத்தின் மேல் பிடித்தபடி நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் அசைந்தது. ஒரு பக்கமாக ஒடுங்கியது. இரைச்சல் தணிந்து அதற்கடியிலிருந்து வேறோர் ஓசை, கரடுமுரடான, கைதட்டலும் கூச்சலுமான ஓசை, மேலே வந்தது. கண் மூடியிருந்தது.

‘இதுதான் கூட்டம்’ என்றாள்.

அவர்களில் யாரும் இன்னும் எண்ணைக் கேட்டிருக்கவில்லை.”

ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழந்ததை இந்தப் பத்தி சொல்லவே இல்லை. வாசகருக்குத் தெரிந்ததை மறுபடி சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவருக்குத் தெரியாதது அந்த விரல் என்ன செய்யும் என்பது. பேரன் குமிழைத் திருப்பியிருந்தால் ஸ்ரீகாந்தின் விக்கெட்டைப் போலவே இதையும் தொலைத்திருப்பார்கள். அதுவும் அன்றைய ஆட்டம் திரும்பிய இடத்தை. லார்ட்ஸில் நடந்தது மாறப்போவதில்லை என்றாலும் அந்த வீட்டில் அது கேட்கப்படுமா என்பது கடைசிவரை நிச்சயமில்லை. கதையின் பதற்றம் இடம் மாறியது அங்கேதான்.

வரலாற்று ஆட்டத்தை எடுத்துக்கொண்டவருக்கு இந்த அமிழ்வு வேறொரு விதத்திலும் உதவியது. முதல் வடிவத்தில் ரிச்சர்ட்ஸ் ஒரு சிக்சர் அடிக்கிறார். உண்மையில் அவர் எடுத்த 33 ரன்னில் ஏழு பவுண்டரிகள் உண்டு. சிக்சர் ஒன்றுகூட இல்லை. ‘50 ஓவர் ஆட்டம்’ என்றும் எழுதியிருந்தார். 1983 உலகக் கோப்பை ஆட்டங்கள் 60 ஓவர் கொண்டவை. இந்தியா ஆட்டமிழந்ததே 54.4 ஓவரில்தான். இத்தகைய பிழை ஒன்று கண்ணில் பட்டாலும் ஆட்டம் தெரிந்த வாசகர் கதையைக் கீழே வைத்துவிடுவார். அதற்காக ஒவ்வொரு பந்தையும் ஆராய்ந்து எழுத வேண்டியதும் இல்லை. விக்கெட் விழுந்த எண்கள், ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எடுத்த ரன், பந்து வீசியவர், பிடித்தவர் ஆகியவை சரியாக இருந்தால் போதும். நடுவில் இருப்பவற்றில் எவ்வளவு கேட்டது, எவ்வளவு அமிழ்ந்தது என்பது அந்த ரேடியோவின் விருப்பம். பாட்டிக்குத் தெரியாத பந்தை ஆசிரியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

வர்ணனையை எவ்வளவு எழுதுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. முதல் வடிவத்தில் வர்ணனை பக்கம் பக்கமாகத் தமிழில் ஓடியது. ஆங்கிலத்தில் கேட்பது தமிழில் எப்படி வந்தது என்ற கேள்வியும் தொக்கி நின்றது. முழுவதையும் நீக்கிவிடலாம் என்பது என் கட்சி. எழுதியவர் பெயர்களையும் எண்களையும் மட்டும் வைத்துக்கொண்டார், அவர் செய்ததே சரி. 57க்கு மூன்று, 66க்கு நான்கு, அதே 66க்கு ஐந்து, 76க்கு ஆறு என்று எண்கள் மட்டும் அடுத்தடுத்து விழும்போது நோட்டில் பெருக்கல் குறிகள் நெருங்கி வருவதை வாசகர் பார்க்கிறார். அதன் பிறகு டுஜானும் மார்ஷலும் நின்று ஆடும் நேரத்தைக் கதை நாலு வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. அறைக்குள் அப்போது புதிதாக எதுவும் நடக்கவில்லை. ஆகவே குறையாகத் தோன்றவில்லை.

கடைசி விக்கெட் விழும்போது இந்திய நேரம் நள்ளிரவை ஒட்டியிருக்கிறது. லண்டனில் கோடைக்கால மாலை. அமர்நாத்தின் பந்தில் ஹோல்டிங் எல்பிடபிள்யூ. பேரன் குதிக்கிறான், கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடுகிறான், திரும்பி வரும்போது பாட்டி இன்னும் நோட்டின் முன்னால்தான் இருக்கிறாள். முதல் வடிவத்தில் இந்த இடத்தில் அவள் கண்ணீர் விட்டாள். புதிய வடிவத்தில் அவளுக்குக் கணக்கு இடிக்கிறது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மட்டையால் எடுத்த ரன்களோடு உதிரி ரன்களைக் கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். ஆட்டமிழந்த ஒவ்வொருவரும் எடுத்த ரன்னை வர்ணனையாளர் அந்தந்த நேரத்தில் சொல்லிவிடுவார். ஆகவே இடையில் சில பந்துகள் அமிழ்ந்துபோயிருந்தாலும் ஆட்டக்காரரின் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். கிரீனிட்ஜ் 1, ஹெயின்ஸ் 13, ரிச்சர்ட்ஸ் 33 என்று தொடங்கிக் கடைசிவரை நின்ற கார்னரின் 5 வரை கூட்டினால் 126 வருகிறது. மொத்தம் 140. வைடும் லெக் பையுமாக உதிரி 14 இருந்தாக வேண்டும். பாட்டியின் நோட்டில் உதிரி 11 மட்டுமே இருக்கிறது. உதிரியை அப்படி அந்தந்த நேரத்தில் கூட்டிச் சொல்வது அரிது. கேட்காமல் போனால் போனதுதான்.

“‘மூணு இடிக்குது’ என்றாள்.

‘ஜெயிச்சாச்சு பாட்டி! மூணு ரன்னுக்கு இப்ப என்ன?’

‘எங்க போச்சுன்னு தெரியணும் இல்ல?’

அவன் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். ‘ரிச்சர்ட்ஸுக்குச் சேத்துடேன்.’

‘அவன் கணக்கு முப்பத்தி மூணுல மூடியாச்சு. எல்லாருதும் மூடியாச்சு. இது பந்து போட்டவன் கொடுத்தது. நமக்குக் கேக்காம கொடுத்திருக்கான்.’

‘எந்த ஓவர்ல?’

அவள் பக்கத்தைத் திருப்பினாள். வெறுமையாக விட்டிருந்த கட்டங்களை இருவருமாக எண்ணத் தொடங்கினார்கள்.”

கதை இங்கே முடிகிறது. இதற்குப் பிறகு முதல் வடிவத்தில் ஒரு பக்கம் இருந்தது. வளர்ந்துவிட்ட பேரன் பரணிலிருந்து அந்த ரேடியோவை இறக்கித் தூசி தட்டுகிறான். அதை முழுவதுமாக எடுத்துவிட்டோம். அந்த ராத்திரிக்கு வெளியே ஓர் இடத்தில் நின்று அதைத் திரும்பிப் பார்க்கும் பார்வை, அந்த ராத்திரிக்குள் நடந்தவற்றின் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு சிக்கல் தீராமல் இருக்கிறது. கிரிக்கெட்டே தெரியாத வாசகர் பச்சைக் கண் காட்சியைத் தடையின்றிப் பின்தொடர்கிறார்; அங்கே அவருக்குத் தேவையானது எல்லாம் கதையிலேயே இருக்கிறது. முடிவில் வரும் உதிரிக் கணக்கில்தான் தடுமாறுகிறார். நான் மேலே விளக்கியதைக் கதைக்குள் விளக்கினால் பாட்டி பாடம் நடத்துகிறவளாகிவிடுவாள்; அதைத் தவிர்க்கத்தான் அவளுக்குப் பென்சிலையே கொடுத்தோம். இப்போதைக்கு, அன்று மாலை முதல் வைட் விழும்போது அவள் அதை யார் பெயருக்கும் எழுதாமல் பக்கத்தின் அடியில் தனியாகக் குறித்துவைப்பதாக ஒரு வாக்கியம் முன்பகுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது போதுமா என்பதை, ஆட்டம் தெரியாத இன்னும் சிலரிடம் கதையைக் கொடுத்த பிறகே முடிவு செய்ய இருக்கிறோம்.